மூன்று இடங்களில் நூற்றிருபது

ஒரே வேலையை இரண்டாம் முறை செய்யச் சொன்னால் எனக்கு எரிச்சல் வரும். மூன்றாம் முறை என்றால் கோபமே வந்துவிடும். பாடசாலையில் ஒரே வசனத்தை நூறு தடவை எழுதச் சொன்னபோது இரண்டு பேனாவைச் சேர்த்து நூலால் கட்டி எழுதி, அதற்காக இன்னும் நூறு தடவை எழுதிய ஆள் நான். இந்தக் குணத்துக்கு அம்மா வைத்த பெயர் சோம்பேறித்தனம். நான் அதைக் கெட்டிக்காரத்தனம் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த எண்ணம் இப்போது இல்லை.

ஹட்டனில் ஒரு பட்டறையில் படம் வரைவது என் வேலை. தேயிலைத் தொழிற்சாலை இயந்திரங்களுக்கு உதிரிப்பாகம் செய்கிற பட்டறை அது. கீழே வெல்டிங்கும் கடைசலும் நடக்கும். மேலே பலகை அடித்த சின்ன அறையில் நானும் கணினியும் ஒரு ஃப்ளாஸ்க்கும். கொட்டகலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் எங்கள் லயம், தொழிலாளர்களின் வரிசை வீடுகள். அங்கிருந்து கணினிக்கு முன்னால் உட்கார்ந்து சம்பளம் வாங்கப் போன முதல் பெண்பிள்ளை நான்தான் என்பதில் அம்மாவுக்கு இருந்த பெருமையைவிட எனக்குத் திமிர் கொஞ்சம் கூடவே இருந்தது.

இந்த வேலைக்கு என்னைப் பற்றி முதலாளியிடம் சொன்னவர் பட்டறையின் ஃபிட்டர். செய்த பாகங்களைத் தொழிற்சாலைக்குக் கொண்டுபோய்ப் பூட்டுகிறவர் அவர். எங்களுக்கு அடுத்த லயத்துக்காரர், அதனால் எனக்கு மாமா. அதிகம் பேசமாட்டார். பேசினால் முக்கால்வாசி கிண்டலாக இருக்கும். "படம் வரையிறவங்களுக்கு ஸ்பேனர் எந்தப் பக்கம் புடிக்கணும்னு தெரியுமா?" என்று வாரத்துக்கு ஒரு தடவையாவது கேட்பார். நானும் வாரத்துக்கு ஒரு தடவை சண்டைக்குப் போவேன்.

இந்த வருட ஆரம்பத்தில் எங்கள் தோட்டத்துத் தொழிற்சாலையின் பொறுப்பாளரான டீமேக்கரிடம் இருந்தே ஒரு வேலை வந்தது. வெளிநாட்டில் தேயிலை வாங்குகிறவர்கள் சார்பில் யாரோ பார்வையிட வருகிறார்களாம். அதற்குள் பதினான்கு இயந்திரங்களின் பெல்ட்டுகளுக்கும் கவர் போட வேண்டும். மோட்டாரில் இருந்து இயந்திரத்துக்கு ஓடும் பெல்ட்டும், அது சுற்றும் புல்லிச் சக்கரங்களும் அதுவரை திறந்தபடியே கிடந்தன. யாரும் அருகில் போகமாட்டார்கள். போனால் என்ன ஆகும் என்று எல்லாருக்கும் தெரியும்.

நானும் மாமாவும் ஒரு நாள் முழுக்க அங்கே அளவெடுத்தோம். அவர் அளந்து சொல்லச் சொல்ல நான் கொப்பியில் எழுதினேன். எல்லா அளவையும் மேலிருந்து கீழாகவே எடுத்தார். ஏன் என்று கேட்டேன்.

"நெலத்த நம்பி அளக்க முடியாது புள்ள. கழுவிக் கழுவி ஒரு பக்கம் பள்ளம், ஒரு பக்கம் மேடு. மேல இருக்கிற இரும்பு மட்டுந்தான் நேரா நிக்குது."

அது நல்ல யோசனையாகப் பட்டது. அதனால் கணினியிலும் அப்படியே வரையத் தீர்மானித்தேன். கவரைப் படுக்கப் போட்ட மாதிரி வைத்து, அதன் மேல் விளிம்பைப் பூச்சியத்தில் நிறுத்தி, அங்கிருந்தே எல்லா அளவையும் எண்ணுவது.

கவர் என்றால் பெரிய மந்திரம் ஒன்றுமில்லை. தகட்டுப் பெட்டி. முன்பக்கம் கழற்றக்கூடிய மூடி, பின்பக்கம் இயந்திரத்தோடு ஒட்டி நிற்கும் தகடு. அந்தப் பின்தகட்டில் ஒரு வட்ட ஓட்டை. இயந்திரத்தின் சுழலும் தண்டு அதன் வழியாகத்தான் உள்ளே வந்து புல்லியில் சேரும். தண்டின் தடிப்பு நாற்பது மில்லிமீற்றர், ஓட்டை அறுபது. சுற்றிவரப் பத்து மில்லிமீற்றர் இடைவெளி. விரல் நுழையாது. அந்த ஓட்டையின் நடுப்புள்ளி மேல் விளிம்பில் இருந்து நூற்றிருபது மில்லிமீற்றர் தள்ளி இருக்க வேண்டும். பதினான்கு இயந்திரங்களிலும் அந்தப் பக்கத்துப் புல்லி ஒரே அளவு என்பதால் அந்த நூற்றிருபது எதிலும் மாறாது. மாறுவது பெட்டியின் நீளமும் ஆழமும்தான். எட்டுச் சின்ன இயந்திரங்களில் இரண்டு பெல்ட், ஆழம் நூற்றிருபது போதும். ஆறு பெரிய இயந்திரங்களில் நான்கு பெல்ட், ஆழம் நூற்றி எழுபது வேண்டும்.

நூற்றிருபது என்ற எண் இங்கே இரண்டு வேறு அளவுகளுக்கு வருவது வாசித்தவர்களுக்கு இப்போதே விளங்கியிருக்கும். எனக்கு விளங்கவில்லை.

முதலாவது கவரைக் கையால் வரைந்தேன். பெரிய பெட்டி ஒன்று. உள்ளே குடைய இன்னொரு பெட்டி, மூன்று மில்லிமீற்றர் தள்ளி. ஒன்றில் இருந்து மற்றதைக் கழித்தால் கூடு. பிறகு ஓர் உருளை வைத்து அதையும் கழித்தால் தண்டுக்கு ஓட்டை. நான்கு மூலையிலும் போல்ட்டுக்கு நான்கு சின்ன உருளைகள். விளிம்புகளை மழுக்குவது. ஏறக்குறைய நாற்பது சொடுக்கு. இதையே இன்னும் பதின்மூன்று தடவை செய்வதா என்று நினைத்தபோதே எனக்குக் கொட்டாவி வந்தது.

நான் பாவிக்கும் மென்பொருளில் மேக்ரோ என்று ஒரு வசதி உண்டு. பதிவு பொத்தானை அழுத்திவிட்டு நாம் வேலை செய்துகொண்டே போனால், செய்கிற ஒவ்வொன்றையும் அது ஒரு வரிக் கட்டளையாக எழுதிக்கொள்ளும். நிறுத்தினால் ஒரு கோப்பு கிடைக்கும். அதை ஓடவிட்டால் அதே வேலையைத் தானே செய்யும். வகுப்பில் ஒரே ஒரு தடவை காட்டினார்கள். எனக்காகவே கண்டுபிடித்தது போல இருந்தது.

புதுக் கோப்பைத் திறந்து, பதிவை அழுத்திவிட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு நாற்பது சொடுக்கையும் திரும்பச் செய்தேன். நிறுத்திவிட்டுத் திறந்து பார்த்தால் நான் செய்ததெல்லாம் வரிவரியாக இருந்தது. நடுவில் முன்பக்கப் பார்வை, சாய்வுப் பார்வை என்று பொத்தான்களை அழுத்தியதைக்கூட விடாமல் எழுதி வைத்திருந்தது. அந்த வரிகளை நீக்கினேன். பிறகு பெருமையோடு ஓடவிட்டேன்.

புதிதாக ஒரு பெட்டி வந்தது. ஆனால் அதன் அளவு மாறவில்லை. பதிலாக முன்பே வரைந்திருந்த பெட்டியில் எல்லாம் நடந்தது. அரை நாள் மண்டையை உடைத்த பிறகுதான் புரிந்தது. பதிவில் இருந்த வரிகள், "பெட்டி என்ற பெயருள்ள பொருளின் நீளத்தை மாற்று" என்று பெயர் சொல்லிக் கூப்பிடுகின்றன. இரண்டாம் முறை ஓடும்போது புதுப் பெட்டிக்கு மென்பொருள் வேறு பெயர் வைக்கிறது, பெயருக்குப் பின்னால் ஒரு இலக்கம் சேர்த்து. கட்டளையோ பழைய பெயரைக் கூப்பிட்டுப் பழையதன் தலையில் கை வைக்கிறது. எனவே ஒவ்வொரு பொருளையும் உருவாக்கும் வரியிலேயே கையில் பிடித்து வைத்துக்கொண்டு, பின்வரும் வரிகளில் பெயருக்குப் பதில் அதைப் பாவிக்கும்படி திருத்தினேன். ஓடியது. அறையில் தனியாக நின்று கைதட்டினேன்.

கண்ணுக்குத் தெரியும் பிழை இப்படித்தான். மூஞ்சியில் அடிக்கும், நாம் திருத்துவோம்.

அடுத்து, எண்கள் இருந்த இடத்தில் பெயர்களை வைக்க வேண்டும். நீளத்துக்கு ஒரு பெயர், ஆழத்துக்கு ஒரு பெயர். அப்போதுதான் மேலே இரண்டு எண்ணை மட்டும் மாற்றிப் பதினான்கு கவரையும் எடுக்கலாம். கோப்பை எழுத்துத் திருத்தும் மென்பொருளில் திறந்து, எழுநூறைத் தேடி நீளம் என்று மாற்றச் சொன்னேன். பிறகு நூற்றிருபதைத் தேடி ஆழம் என்று மாற்றச் சொன்னேன். எல்லாவற்றையும் மாற்று என்ற பொத்தான். "மூன்று இடங்களில் மாற்றப்பட்டது" என்று கீழே வந்தது.

மூன்று. வெளிப்பெட்டியின் ஆழம் ஒன்று, உள்பெட்டியின் ஆழம் ஒன்று. மூன்றாவது எது என்று நான் கேட்கவில்லை. அது தண்டு ஓட்டையின் தூரம். மாறவே கூடாத நூற்றிருபது. முதல் இயந்திரத்தில் இரண்டும் தற்செயலாக ஒரே எண்ணாக இருந்ததால் கணினிக்கு வித்தியாசம் தெரியவில்லை. எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

சோதித்துப் பார்க்கவில்லை என்று யாரும் சொல்லமுடியாது. முதல் இயந்திரத்தின் அளவைக் கொடுத்து ஓடவிட்டேன், கையால் வரைந்ததோடு அச்சாகப் பொருந்தியது. இரண்டாவது, மூன்றாவது, சரி. மூன்றும் சின்ன இயந்திரங்கள். அதற்குமேல் பொறுமை இல்லை. மதியத்துக்கு முன்னால் பதினான்கு படமும் தயார். முதலாளி மேலே வந்து பார்த்துவிட்டு, "நங்கி, இது மூணு நாள் வேலை இல்லையா?" என்று, தங்கச்சியை நங்கி என்றழைக்கும் தன் சிங்களத் தமிழில் கேட்டார். எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை.

தகடுகளை வெளியே லேசரில் வெட்டி எடுத்து, எங்கள் பட்டறையில் மடித்துப் பற்றவைத்து, மாமா கொண்டுபோய்ப் பூட்டினார். நான்கு நாளில் முடித்துவிட்டு வந்தார்.

"எல்லாம் சரியா மாமா?"

"ம். எல்லாம் ஒக்காந்திருச்சு" என்றார். அன்றைக்கு ஸ்பேனரைப் பற்றிக் கிண்டல் எதுவும் செய்யவில்லை. எனக்கு அது வித்தியாசமாகவே படவில்லை.

ஆறு வாரம் கழித்து, காலையில் வேலைக்கு வந்து ஃப்ளாஸ்க்கைத் திறக்கும்போது கீழே சத்தம் கேட்டது. தொழிற்சாலையில் பெரிய சல்லடை இயந்திரத்தின் கவருக்குள் ஒரு பெண்ணின் கை போய்விட்டதாம். வலது கை. இரண்டு விரல். டிக்கோயா ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய், அங்கிருந்து கண்டிக்கு அனுப்பிவிட்டார்கள். யார் என்று கேட்டேன். எங்கள் லயத்தில் நான்காவது காம்பரா வீட்டில் இருக்கும் அக்கா. கால் கொஞ்சம் தாங்கி நடப்பதால் மலையேற முடியாமல் தொழிற்சாலை வேலைக்குப் போனவர். இயந்திரத்தில் படியும் தேயிலைத் தூசியைத் துணியால் துடைத்திருக்கிறார். துணியைப் பெல்ட் இழுத்திருக்கிறது.

கவர் போட்ட இயந்திரத்தில் எப்படி என்று நான் சத்தமாகக் கேட்டேன்.

முதலாளி மேலே வந்து, அந்த இயந்திரத்தின் படத்தை அச்செடுக்கச் சொன்னார். திறந்தேன். தண்டு ஓட்டைக்குப் பக்கத்தில் நூற்றி எழுபது என்று எழுதியிருந்தது. ஒரு நிமிடம் அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தேன். முதலாளி கீழே இறங்கிப் போனதும் மேக்ரோவைத் திறந்தேன். ஓட்டையின் வரியில் ஆழம் என்ற பெயர் உட்கார்ந்திருந்தது, நான் வைத்த பெயர்.

அப்போது நான் செய்ததை இங்கே எழுதாமல் விட்டால் இதை எழுதுவதிலேயே அர்த்தமில்லை. அந்தப் பெயரை அழித்து நூற்றிருபது என்று எழுதினேன். ஆறு பெரிய இயந்திரங்களுக்கும் திரும்ப ஓடவிட்டேன். பழைய படங்களின் மேலேயே சேமித்தேன். அச்செடுத்துக் கொண்டுபோய் முதலாளியின் மேசையில் வைத்தேன். மொத்தமே பத்து நிமிடம். மேக்ரோ அன்றைக்கு ஒரு பிழையும் இல்லாமல் ஓடியது.

முதலாளி படங்களோடு தொழிற்சாலைக்குப் போய் வந்தார். வந்தவர் முகத்தில் ஒரு நிம்மதி. "நம்ம படம் சரி. ஃபிட்டர் ஓட்டையைக் கிரைண்டரால பெருசா வெட்டியிருக்கான். கேட்டா, ஆமா நான்தான்னு சொல்றான்."

மாமாவுக்கு மறுநாளில் இருந்து வேலை இல்லை. வெள்ளிக்கிழமை தொழிற்சாலையில் விசாரணை, அதற்குப் பிறகு தீர்மானிப்போம் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

மூன்று நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. கோபம் கோபமாக வந்தது. முதலில் மாமாமேல். படம் பிழை என்றால் திருப்பி அனுப்பாமல் இவர் எதற்கு வெட்டினார்? பிறகு வகுப்பில் மேக்ரோவைக் காட்டிக்கொடுத்தவர்மேல். பிறகு, ஓடும் இயந்திரத்தை ஏன் துடைத்தார் என்று அந்த அக்காமேலும். அந்த எண்ணம் வந்ததும் என்மேலேயே அருவருப்பாகிவிட்டது. வியாழக்கிழமை பின்னேரம் பஸ்ஸை விட்டு இறங்கி, வீட்டுக்குப் போகாமல் நேரே மாமா வீட்டுக்குப் போனேன்.

அவர் கோழிக்கூட்டுக்குத் தகரம் அடித்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்க்காமல், "ஆணிய எடு" என்றார். எடுத்துக் கொடுத்தேன்.

"மாமா, ஓட்ட கீழ போனது என் தப்பு."

"தெரியும்."

"எப்பருந்து?"

"மொதப் பெரிய மெசினுலயே. கவரத் தூக்கி வச்சா தண்டுக்கும் ஓட்டைக்கும் ரெண்டு இஞ்சு வித்தியாசம். கவர மேல தூக்குனா போல்ட் ஓட்ட ஒக்காராது. சரின்னு மேல் பக்கமா வெட்டி உள்ள விட்டேன். மத்த அஞ்சும் அதே மாதிரி."

மேல்பக்கமாக வெட்டினால் தண்டு உள்ளே போகும். ஆனால் கீழே நான் வெட்டிய பிழையான ஓட்டை அப்படியே திறந்து கிடக்கும். தண்டுக்குக் கீழே கை நுழையும் அளவுக்கு. அவருக்குத் தெரியாதா?

"கீழ ஒரு துண்டுத் தகடு வச்சி மூடுவோம்னுதான் இருந்தேன். பாக்க வர்றவங்க வந்துட்டாங்க, மெசின ஓட்டணும்னு டீமேக்கர் நின்னாரு. அப்பறம் வந்து பாத்துக்குவோம்னு விட்டுட்டேன்." சுத்தியலைக் கீழே வைத்தார். "அப்பறம்னா அப்பறந்தான்."

"திருப்பி அனுப்பியிருக்கலாமே மாமா. என்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே."

அவர் மிச்ச ஆணிகளை டப்பாவில் போட்டார். பிறகுதான் சொன்னார்.

"ஆறு கவரத் திருப்பிக் கொண்டுபோனா மொதலாளி என்ன சொல்லுவாரு? லயத்துப் புள்ளைக்கு கம்ப்யூட்டரக் குடுத்தது தப்புன்னு சொல்லுவாரு. நாந்தானே ஒன்னயக் கொண்டுபோயி விட்டேன். ஒனக்குச் சொன்னா நீ அழுவ, இல்லாட்டிச் சண்டைக்கு வருவ. ஒரு வெட்டுதானேன்னு நெனச்சேன்."

எனக்கு அழுகையும் வந்தது, சண்டைக்கும் வந்தது. "நாளைக்கு நான் சொல்லப் போறேன்" என்றேன்.

"வாய மூடிக்கிட்டுப் போ புள்ள. எனக்கு வயசாச்சு. வெட்டுனது என் கைதான். ஒரு ஆளு போனாப் போதும்."

விசாரணை தொழிற்சாலை ஆபீசில் நடந்தது. தோட்டத்து மேலாளரான துரை, டீமேக்கர், தொழிற்சங்கத்து ஆள் ஒருவர், எங்கள் முதலாளி. படத்தை விளக்க என்னைக் கூட்டிப் போயிருந்தார். மேசைமேல் என் புதுப் படங்கள், வெள்ளையாக, சுத்தமாக. தரையில் அந்தக் கவரின் பின்தகடு, கழற்றிக் கொண்டுவந்து சுவரில் சாய்த்து வைத்திருந்தார்கள். அதை நான் முதல் தடவை பார்க்கிறேன். கழுவியிருந்தார்கள்.

துரை சிங்களத்தில் கேட்டார், மாமா தனக்குத் தெரிந்த சிங்களத்தில் பதில் சொன்னார். நான்தான் வெட்டினேன், யாரிடமும் கேட்கவில்லை, என் தப்பு. துரை எழுதிக்கொண்டார். முதலாளி தலையாட்டினார். ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும் போல இருந்தது.

நான் எழுந்து தகட்டுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். யாருடைய கண்ணையும் பார்க்காமல் பேசுவதற்கு அதுதான் வசதியாக இருந்தது. அந்த ஓட்டை இப்போது வட்டமாக இல்லை, நீளமாக இருந்தது. மேல்பக்கம் கிரைண்டர் கடித்த சொரசொரப்பு. கீழ் வளைவு மட்டும் வழவழப்பாக, லேசர் வெட்டியபடி இருந்தது. டேப்பை எடுத்து மேல் விளிம்பில் இருந்து அந்தக் கீழ் வளைவுவரை அளந்தேன்.

"இருநூறு" என்றேன். "மேசையில இருக்கிற படத்துப்படி இது நூத்தி அம்பதுலயே முடியணும். இந்தக் கீழ்ப் பகுதிய ஃபிட்டர் வெட்டல. லேசர்லயே அப்பிடித்தான் வந்திருக்கு. நான் குடுத்த படத்துல அப்பிடித்தான் இருந்துச்சு. மேசையில இருக்கிற படம் விபத்துக்குப் பொறகு நான் மாத்துனது."

பிறகு மேக்ரோவைப் பற்றிச் சொன்னேன். பதிவு செய்ததை, எண்களைப் பெயராக மாற்றியதை, மூன்று இடங்களை. துரைக்குப் பாதி விளங்கவில்லை. சங்கத்து ஆள், "அப்ப கம்ப்யூட்டர்தானே தப்புப் பண்ணியிருக்கு?" என்று கேட்டார். எனக்கு உதவி செய்வதாக நினைத்துத்தான் கேட்டார்.

"இல்லைங்க. அது நான் சொன்னதத்தான் செஞ்சிச்சு" என்றேன்.

முதலாளியின் முகம் கறுத்துவிட்டது. மாமா என்னைப் பார்த்த பார்வையில் நன்றியும் இல்லை, நிம்மதியும் இல்லை. நடுவில் புகுந்து கெடுத்துவிட்டாயே என்பது போல இருந்தது.

உண்மையைச் சொன்னால் எல்லாம் நேராகிவிடும் என்று எங்கோ ஒரு நம்பிக்கை எனக்கு இருந்திருக்கிறது. அப்படி ஒன்றும் ஆகவில்லை. கவரை வெட்டியது வெட்டியதுதான், திறந்து விட்டுவிட்டு வந்ததும் வந்ததுதான் என்று மாமாவின் வேலை போனது போனதாகவே இருந்தது. முதலாளி என்னை ஒரு மணிநேரம் ஏசினார். ஆனால் வேலையை விட்டு அனுப்பவில்லை. பட்டறையில் படம் வரைய வேறு ஆள் இல்லை. கிரைண்டர் பிடிக்க ஆள் கிடைத்துவிடும். அந்த நியாயத்தை இன்றைக்கும் என்னால் ஏற்க முடியவில்லை. வேலையை விட்டுவிடுகிறேன் என்று மாமாவிடம் போய்ச் சொன்னேன். "விட்டுட்டு? என் வேல திரும்பி வருமா?" என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டார்.

ஆறு பின்தகட்டையும் புதிதாகச் செய்தோம். இந்தத் தடவை ஒவ்வொன்றையும் கையால் வரைந்தேன். நாற்பது சொடுக்கு, ஆறு தடவை. பிறகு ஒவ்வொன்றையும் கொப்பியோடு வைத்துச் சரிபார்த்தேன். புதிய ஃபிட்டர் பூட்டும்போது நானும் போய்ப் பக்கத்தில் நின்றேன். சரியாக உட்கார்ந்தன. தண்டைச் சுற்றிப் பத்து மில்லிமீற்றர்.

அக்கா கண்டியில் இருந்து வந்து இரண்டு ஞாயிறு கழித்துத்தான் அவரைப் பார்க்கப் போக எனக்குத் தைரியம் வந்தது. ஐந்து வீடு தள்ளிப் போவதற்கு அத்தனை நாள் ஆனது. மத்தியானம். அவர் வாசல் வெயிலில் உட்கார்ந்து இடது கையால் பருப்பில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார். வலது கை கட்டோடு மடியில் கிடந்தது. என்னைப் பார்த்ததும் பக்கத்தில் இருந்த பலகையைக் காலால் தள்ளிவிட்டார். உட்கார்ந்தேன்.

ஒத்திகை பார்த்து வந்ததெல்லாம் மறந்துவிட்டது. படத்தில் பிழை என்று சொன்னேன். என் அவசரம் என்று சொன்னேன். விசாரணையில் சொல்லிவிட்டேன் என்றும் சொன்னேன், அதற்கு ஏதோ மதிப்பு இருப்பது போல. அவர் கல் பொறுக்குவதை நிறுத்தவில்லை.

"கேள்விப்பட்டேன்" என்றார். "அவரு ஒன்னக் காப்பாத்தப் பாத்தாராம். அப்பறம் நீ அவரக் காப்பாத்தப் பாத்தியாம். தொழிற்சாலையில எல்லாரும் அதத்தான் பேசிக்கிறாங்க."

நானும் பருப்பில் கையை வைத்து ஒரு கல்லைத் தேடினேன்.

"ஓடுற மெசின ஏன் தொடச்சன்னு கேக்கிறாங்க. கவர் போடுறதுக்கு முன்னாடி பதினோரு வருசமா அந்த மெசினுக்குக் கிட்டவே போனதில்ல நான். பெல்ட் தொறந்து கெடக்கும், பாத்தாலே பயமா இருக்கும். எட்ட நின்னு வெளக்கமாறால தட்டிவிட்டுட்டு வந்துருவேன்." ஒரு கல்லை எடுத்து முற்றத்தில் எறிந்தார். "கவரப் போட்டதும், இது யாரு செஞ்சதுன்னு நான் கேட்டதுக்கு ஒன் பேரச் சொன்னாங்க. நம்ம லயத்துப் புள்ள வரஞ்சதாமேன்னு, அன்னைக்குத்தான் மொதமொதல்ல அதத் தொட்டுப் பாத்தேன்."